டிங்கர் வீட்டு ஓவன்

அந்தக் கம்பெனிக்கு நான் முதலில் எழுதிய கடிதத்தில் மரியாதையான சொல் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது "ஐயா". அதற்குக் கீழே இருந்ததைப் படித்துவிட்டு என் நாத்தனார் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"அண்ணி, இதப் படிக்கப்போறது ஓவனை நசுக்கினவன் இல்ல. என்னை மாதிரி ஒருத்தி. காலையிலேருந்து திட்டு வாங்கிட்டு உக்காந்திருப்பா. இதப் பார்த்தா, அப்புறம் பார்க்கலாம்னு கடைசியில தள்ளிடுவா."

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இணைய இணைப்பு கொடுக்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. கொதித்துப்போய்ப் போன் செய்கிறவர்களைப் பேசிப் பேசி ஆற வைப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். வீட்டில் நாங்கள் அவளைச் சமாதானம் என்றே கூப்பிடுவோம். எனக்கோ சமாதானம் என்ற பெயரைக் கேட்டாலே அன்றைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பற்றிக்கொண்டு வராமல் என்ன செய்யும்? நான் வீட்டிலேயே பன் போட்டு விற்கிறவள். இருப்பது ஒரு சின்ன ஓவன், ஒரு ஈடுக்குப் பன்னிரண்டு பன்தான் வேகும். நாலு டீக்கடைக்கும் பக்கத்துத் தெருக்களுக்கும் அதில் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் புதிதாகத் திறந்த மருத்துவமனையின் கேன்டீன் மேலாளர் என் பன்னைத் தின்று பார்த்துவிட்டு, ஒன்றாம் தேதியிலிருந்து தினம் காலையில் இருநூறு பன் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்று வாய் சொல்லிவிட்டது. எப்படி என்று மனசு கேட்டது அதற்குப் பிறகுதான். சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் வழித்துப் போட்டு, சமையல் சாதனங்கள் விற்கும் ஒரு கம்பெனியின் இணையதளத்தில் பெரிய ஓவன் ஒன்றை வாங்கினேன். உள்ளே காற்றாடி சுழன்று நாலு தட்டுக்கும் ஒரே சீராகச் சூடு கொடுக்கிற வகை.

வந்து இறங்கியபோதே பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. சமாதானம் விடவில்லை. கொண்டுவந்தவரை நிற்க வைத்து, "பெட்டி நசுங்கிய நிலையில் ஒப்படைக்கப்பட்டது" என்று டெலிவரி ரசீதில் அவர் கையாலேயே எழுத வைத்து, பிரிக்கப் பிரிக்கப் படமும் எடுத்தாள். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில், இடது பக்கம் ஒரு பெரிய ஒடுக்கு. ஒரு பன் தட்டையே அதற்குள் வைத்துவிடலாம். கதவு ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் வாயைப் பிளந்தது. நான் பிளக்கைக்கூடச் சொருகவில்லை.

கம்பெனிக்காரர்கள் அப்போது தங்கமான மனுஷர்களாகத்தான் இருந்தார்கள். வருந்துகிறோம், திரும்ப எடுத்துக்கொள்கிறோம், சோதித்துப் பார்த்த பத்து வேலை நாட்களில் பணம் வந்து சேரும் என்று உடனே பதில். அடுத்த வாரம் வண்டி வந்தது. நான் மாவு வாங்கப் போயிருந்தேன். வீட்டிலிருந்த என் கணவர்தான் ஓவனைப் பெட்டியில் கட்டி ஏற்றிவிட்டார். அதோடு சரி. பத்து நாள் போய், அதற்கு மேலும் போயிற்று. எப்போது போன் செய்தாலும் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே பாட்டு.

இதற்கிடையில் கடைத்தெருவில் ஒரு சாதனக் கடையில் அதே அளவில் ஓவன் ஒன்று காட்சிக்கு இருந்தது. கண்ணால் பார்த்து, கையால் தட்டி, ஓடவிட்டுக் கேட்டு, கொஞ்சம் முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை கடை மூடும்வரைதான் பிடித்து வைத்திருப்பேன் என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பெனி பணத்தைத் திருப்பினால் ஓவன், ஓவன் வந்தால் கேன்டீன். இல்லையென்றால் அந்த மேலாளர் முகத்தில் எப்படி விழிப்பது?

அதனால் சமாதானம் சொல்லச் சொல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு கடிதத்தைத் திருப்பி எழுதினேன். மேலே ஆர்டர் எண். பிறகு வாங்கிய தேதி, வந்த நிலை, திருப்பி அனுப்பிய தேதி. பிறகு என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும். வசவு கிடையாது, வியப்புக்குறி கிடையாது.

"தங்கள் நிறுவனம் உடனடியாகப் பதிலளித்து, திரும்பப் பெற ஒப்புக்கொண்டதற்கு நன்றி. பெட்டியிலிருந்து எடுத்த அதே நிலையில் ஓவனைத் திருப்பி அனுப்பியுள்ளோம். தாங்கள் குறிப்பிட்ட காலம் கடந்துவிட்டது. இந்த வாரம் வியாழக்கிழமைக்குள் முழுத் தொகையையும் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இயலாவிடில், அதற்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும். அதன் பிறகு நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை."

படித்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிற மாதிரி ஒரு மிடுக்கு. படங்களையும் டெலிவரி ரசீதையும் இணைத்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் ஒரு பிரதி போட்டு அனுப்பினோம்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. முதல் வரியைப் படித்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டது. திரும்ப வந்த ஓவனின் வெளிப்புறத்தில் எந்தச் சேதமும் இல்லையாம். நாங்கள் அனுப்பிய படங்களில் உள்ள ஓவனும் வந்து சேர்ந்த ஓவனும் ஒத்துப்போகவில்லையாம். வரிசை எண் பொறித்த தகடு கழற்றி மீண்டும் பொருத்தப்பட்டதுபோலத் தெரிகிறதாம். ஆகவே விசாரணை முடியும்வரை தொகை நிறுத்திவைக்கப்படுகிறதாம்.

அதாவது, நசுங்கிய ஓவனை நான் வைத்துக்கொண்டு வேறொன்றை மாற்றி அனுப்பிவிட்டேன். அதாவது, நான் திருடி. எவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள்!

"உன் சமாதானத்தைத் தூக்கிக் குப்பையில போடு," என்றேன். இப்படி ஒரு பதிலை அவள் வேலையிலேயே பார்த்ததில்லை என்றாள். படங்களை இன்னும் தெளிவாக அனுப்பலாம், ஒடுக்கைக் கிட்டத்திலிருந்து எடுத்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். பெட்டி பிரித்த அன்று என் கணவரும் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். கைபேசி ஜன்னலில் கிடந்தது.

என் கணவர் டிங்கர் வேலை செய்கிறவர். இடிபட்ட கார்களுக்கு ஒடுக்கு எடுத்துக் கொடுப்பவர். எந்த வண்டி வந்தாலும் வேலைக்கு முன்னால் ஒரு படம், பாதி வேலையில் ஒரு படம், முடிந்ததும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வார். "இது முன்னாடியே இருந்த ஒடுக்கு" என்று பின்னால் யாரும் வம்பு பண்ணக்கூடாது என்பதற்காக. ஆகவே அவருடைய கைபேசியில் எங்கள் கல்யாணப் படத்தைவிட மட்கார்டுகள் அதிகம். ஒரு வெள்ளைக் காரின் கதவு, ஒரு சிவப்பு பானெட், ஒரு ஆட்டோவின் முதுகு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அடுத்த படத்தில் என் ஓவன் இருந்தது. ஒடுக்கோடு. அதற்கு அடுத்ததில் இடது பக்கத் தகடு கழற்றப்பட்டு, ஓவன் சட்டையைக் கழற்றின மாதிரி நின்றது. அதற்கு அடுத்ததில், ஒடுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை, முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று மின்னியது.

நான் போட்ட சத்தத்தில் அவர் துண்டோடு ஓடி வந்தார். படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தார்.

"வண்டி வர ஒரு மணி நேரம் இருந்தது," என்றார். "சும்மாதானே உக்காந்திருந்தேன்."

"சும்மா உக்காந்திருந்தா? சும்மா உக்காந்திருந்தா அடுத்தவன் பொருளைத் தட்டுவீங்களா?"

"டிங்கர் வீட்டுலேருந்து ஒடுக்கோட ஒரு பொருள் வெளிய போகுது. தெருவே பார்க்குது. ஏத்துறவன் என்ன நினைப்பான்? கதவும் இப்போ ஜம்முனு மூடுது, தெரியுமா?"

அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு பெருமை தொனித்தது பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வரிசை எண் தகடு ஒடுக்கின் மேலேயே இருந்ததாம். அதன் மேல் சுத்தியல் பட்டால் எழுத்து கெட்டுப்போகும் என்று பத்திரமாகக் கழற்றி வைத்து, தட்டி முடித்ததும் திரும்பப் பொருத்தினாராம். பழைய திருகாணிகள் பொலிவாக இல்லை என்று புதுசு போட்டாராம். கம்பெனிக்காரன் சந்தேகப்படாமல் வேறு யார் சந்தேகப்படுவான்? அவர்கள் இடத்தில் நான் இருந்தால் போலீசுக்கே போயிருப்பேன்.

சமாதானம் மட்டும் அந்தப் பாதி வேலைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, உள்ள இது என்ன சாஞ்சிருக்கு?"

காற்றாடி என்றார் அவர். விழுந்த வேகத்தில் அதன் அச்சு வளைந்து, ஒரு இறக்கையும் விண்டிருந்ததாம். அதை ஏன் தொடவில்லை என்று கேட்டேன்.

"கரன்ட் சமாச்சாரம். அது நம்ம வேலை இல்லையே."

எனக்குள் குப்பென்று ஒரு வெளிச்சம். அப்படியென்றால் அந்த ஓவன் வெளியே மாப்பிள்ளை மாதிரி இருந்தாலும், உள்ளே இன்னும் உடைந்துதான் இருக்கிறது. கம்பெனியில் யாரும் பிளக்கைச் சொருகியே பார்க்கவில்லை. வெளியே தடவிப் பார்த்துவிட்டு, என்னைத் திருடி என்று எழுதிவிட்டார்கள்.

ஆனால் அதை நிரூபிக்க வேண்டுமானால் இந்தப் படத்தை அனுப்ப வேண்டும். இதை அனுப்பினால் நாங்களே கழற்றினோம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. சமாதானம் வேண்டவே வேண்டாம் என்றாள். வாடிக்கையாளர் தானே பொருளைக் கழற்றியது தெரிந்தால் பணம் இல்லை என்று எல்லாக் கம்பெனியின் விதியிலும் இருக்கும், அவளே எத்தனையோ புகார்களை அந்த ஒரு வரியை வைத்து மூடியிருக்கிறாள். தகட்டைப் பற்றி வாயைத் திறக்காமல், ஓவனை ஓட்டிப் பாருங்கள் என்று மட்டும் எழுதலாம் என்றாள். எழுதவும் ஆரம்பித்தாள். என் கணவர் ஈரத் தலையோடு மூலையில் நின்று, தலையாட்டலாமா கூடாதா என்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் என்னுடைய கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். "பெட்டியிலிருந்து எடுத்த அதே நிலையில்." அந்த வரி என் கண்ணைக் குத்தியது. தெரியாமல் எழுதினேன், சரி. தெரிந்த பிறகும் அதன் மேல் நின்றுகொண்டு கண்டிப்பாக ஒரு வார்த்தை எழுத எனக்கு வரவில்லை. கோபமாக எழுதலாம், கெஞ்சி எழுதலாம். கண்டிப்பாக எழுத வேண்டுமானால் காலுக்குக் கீழே தரை வேண்டும்.

"அந்தப் போனை இங்க குடு. இத நான் எழுதறேன்," என்றேன். "பணம் போனா போகட்டும். திருடின்னு சொன்னவங்ககிட்டப் பொய் சொல்லி நான் ஜெயிக்கணுமா?"

இந்த முறை ஒரு தரம்தான் எழுதினேன்.

"எனது முந்தைய கடிதத்தில் ஒரு பிழை உள்ளது. ஓவனை அதே நிலையில் அனுப்பியதாக எழுதியிருந்தேன். அது தவறு என்று இன்றுதான் எனக்குத் தெரியவந்தது. என் கணவர் டிங்கர் வேலை செய்பவர். ஒடுக்கு விழுந்த பொருளை அப்படியே அனுப்ப மனமில்லாமல், பக்கத் தகட்டை மட்டும் கழற்றி நேராக்கி, எண் தகட்டைப் புதிய திருகாணிகளால் பொருத்தியிருக்கிறார். தங்களைக் கேட்காமல் இதைச் செய்தது தவறு. வருந்துகிறோம்.

ஆனால் ஓவன் மாற்றப்படவில்லை. வேலைக்கு முன்னும், நடுவிலும், பின்னும் அவர் எடுத்த படங்களை இணைத்துள்ளேன். வரிசை எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டாவது படத்தில் காற்றாடியின் அச்சு வளைந்திருப்பது தெரியும். அதை அவர் தொடவில்லை. ஓவனை மின்சாரத்தில் இணைத்து ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒடுக்கை எடுத்தது நாங்கள். ஓவனைக் கீழே போட்டது நாங்கள் அல்ல. பெட்டி நசுங்கி வந்ததற்குத் தங்கள் ஆளின் கையெழுத்து உள்ளது. முழுத் தொகையையும் எதிர்பார்க்கிறேன்."

அனுப்பிவிட்டேன். புதன்கிழமை முழுக்கக் கைபேசி மாவுக் கையோடே இருந்தது. இரண்டு ஈடு பன்னைக் கருகவிட்டேன். என் கணவர் சாப்பாட்டுக்கு வந்தால் என் கண்ணில் படாமல் தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விடுவார்.

வியாழக்கிழமை மதியம் போன் வந்தது. குறைதீர்ப்புப் பிரிவிலிருந்து பேசுவதாக ஒரு பெண் சொன்னாள். சமாதானம் வேலையில் பேசுகிற அதே புகார்ப் பிரிவுக் குரல், அதே பணிவு. சமாதானம் அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்ததால், தன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓடி வந்து ஒட்டிக்கொண்டாள்.

ஓவனை ஓட்டிப் பார்த்ததாக அந்தப் பெண் சொன்னாள். பிறகு அவளுடைய வேலைக்குரல் எங்கேயோ போய்விட்டது.

"மேடம், அது போட்ட சத்தத்துல கிடங்குல இருந்த எல்லாரும் எழுந்து ஓடி வந்துட்டாங்க. காத்தாடி உடைஞ்சது உடைஞ்சதுதான். எண்ணும் சரியா இருக்கு. முழுத் தொகையும் இன்னைக்கே அனுப்பறோம். மாத்தி அனுப்பிட்டீங்கன்னு எழுதினதுக்கு மன்னிச்சிடுங்க." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நீங்களே பிழைன்னு எழுதலைன்னா, இது இன்னும் ஒரு மாசம் விசாரணையிலயே கிடந்திருக்கும்."

நான் குதித்தேன். இந்த வயதில், இந்த உடம்பை வைத்துக்கொண்டு, மாவுக் கையோடு குதித்தேன். சமாதானம்தான் போனைப் பிடுங்கி, பணம் அனுப்பியதற்கான பரிமாற்ற எண்ணையும் அனுப்பிவிடுங்கள் என்று நிதானமாகக் கேட்டு வாங்கினாள். வங்கிக்கு வங்கி போய்ச் சேர ஒரு நாள் ஆகலாம், கையில் எண் இருந்தால் தேட வசதி என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலைவரை பணம் வரவில்லை. பரிமாற்ற எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினேன். உள்ளே நுழைந்தால், என் ஓவனின் முன்னால் ஓட்டல்காரர் ஒருவர் அளவு நாடாவை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அகலம் பார்த்தாகிவிட்டது, உயரம் பார்க்கிறார். என் பிள்ளைக்கு நிச்சயம் பண்ணின பெண்ணை வேறு யாரோ பார்க்க வந்த மாதிரி எனக்கு ஆகிவிட்டது. இது என்னுடையது என்று அவருக்கும் ஓவனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். கடைக்காரரிடம் எண்ணைக் காட்டினேன். எண்ணை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், பணம் வந்தால்தான் பணம் என்றார். கடை மூட இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். இருக்கிறது, ஆனால் இவரும் இருக்கிறாரே என்றார். ஓட்டல்காரர் நாடாவைச் சுருட்டவே இல்லை. நானும் நகரவில்லை.

கடைப் பையன் வெளியே வைத்திருந்த சாமான்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்க ஆரம்பித்தபோது என் கைபேசி டிங் என்றது. ஏதாவது விளம்பரமாக இருக்கும் என்று பயந்து பயந்து பார்த்தேன். வங்கி. முழுத் தொகை. ஒரு பைசா குறையவில்லை. கைபேசியைக் கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினேன். ஓட்டல்காரர் நாடாவை ஜேபியில் போட்டுக்கொண்டார்.

ஓவன் அன்றைக்கே வீட்டுக்கு வந்தது. தூக்க என் கணவரும் அவருடைய பட்டறை ஆள் ஒருவரும். சமாதானம் முன்னால் நடந்து வழி காட்டினாள். நான் பின்னால் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். தெருவைத் தாண்டி, படியைத் தாண்டி, எல்லாம் நல்லபடியாக வந்து, சமையலறை வாசலில் என் கணவர் ஒரு கணம் அவசரப்பட்டுத் திரும்பினார்.

டொக்.

ஓவனின் பின்மூலை கதவு நிலையில் இடித்துவிட்டது. இறக்கி வைத்தார்கள். உள்ளங்கை அளவுக்கு ஓர் ஒடுக்கு. என் கணவர் அதைப் பார்த்தார். கை தானாகச் சுத்தியலைத் தேடிக் கால்சட்டைப் பைக்குப் போய், வெறுமையாகத் திரும்பி வந்தது. முகம் தொங்கிவிட்டது.

"இதுக்கு யாருக்கு அண்ணி லெட்டர் எழுதறது?" என்றாள் சமாதானம்.

நான் பிளக்கைச் சொருகினேன். கதவு சரியாக மூடியது. விளக்கு எரிந்தது. உள்ளே காற்றாடி சத்தமே இல்லாமல், வழவழவென்று சுழன்றது. நாலு தட்டுக்கும் நேரே கையைக் காட்டிச் சூட்டைப் பார்த்தேன். ஒரே சீர். ஒன்றாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இருநூறு என்ன, முந்நூறே போடலாம்.

பிறகு உள்ளே போய், அவருடைய சுத்தியலையும், ஒடுக்குக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும் இரும்புக் கட்டையையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். நிஜமாகத்தானா என்று என்னைப் பார்த்தார்.

"தட்டுங்க," என்றேன். "ஆனா முதல்ல ஒரு படம் எடுத்துக்குங்க."